படியிறங்கிய பிறகு வந்த பதில்

ஒருவர் நம்மைச் சபை நடுவே சொல்லால் மடக்கிவிடுகிறார். அந்த நேரத்தில் வாய் எழுவதில்லை. விடைபெற்று வெளியே வந்து பாதி வழி போன பிறகு, அங்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் முழு வாக்கியமாக மனதில் வந்து நிற்கிறது. இதற்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் உண்டு: 'எஸ்ப்ரி து லெஸ்காலியே'. எஸ்ப்ரி என்றால் அறிவு, சாதுரியம். எஸ்காலியே என்றால் மாடிப்படி. மாடிப்படியில் உதிக்கும் சாதுரியம் என்று பொருள் கொள்ளலாம்.

இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தெனி திதெரோவின் பெயரைச் சொல்வார்கள். கலைக்களஞ்சியம் தொகுத்த அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஒரு விருந்தில் பதில் சொல்ல முடியாமல் போனார், படியிறங்கிய பிறகுதான் அவருக்குப் பதில் தோன்றியது, அதிலிருந்து இந்தத் தொடர் பிறந்தது என்று கதையை முடித்துவிடுவார்கள். யார் என்ன சொன்னார், எதைப் பற்றிய வாதம், பிறகு தோன்றிய பதில் என்ன என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. திதெரோ அதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பகுதியை முழுமையாகப் படித்தால், தாமதமாக வரும் எண்ணம் என்பது வழியில் தாமதப்பட்டுவிட்ட உடனடிப் பதில் அல்ல என்று தெரியும். அது வேறு வகையான எண்ணம். அந்த மேசையில் அது பிறந்திருக்கவே முடியாது.

கதை 1765 டிசம்பரில் தொடங்குகிறது. மிஷெல் ழான் செதேன் என்பவர் எழுதிய 'தன்னை அறியாத தத்துவஞானி' என்ற நாடகம் பாரிஸில் பிரெஞ்சு அரசின் நாடக அரங்கான கொமேதி பிரான்சேஸில் மேடையேறியது. செதேன் சிறு வயதில் தந்தையை இழந்து, குடும்பத்தைக் காப்பாற்றக் கல் கொத்தும் வேலைக்குப் போனவர். இலக்கியம் அவருக்குப் பிறகு வந்தது. அவருடைய நாடகத்தின் மீது திதெரோவுக்கு அளவுகடந்த அக்கறை இருந்தது. நட்பு மட்டும் அதற்குக் காரணமில்லை. அரசர்களையும் புராண வீரர்களையும் விட்டுவிட்டு, சாதாரண வணிகக் குடும்பத்தின் வீட்டுக்குள் நடக்கும் துயரத்தை மேடையில் காட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடி வந்தவர் திதெரோ. தாமே அப்படி நாடகங்கள் எழுதியும் பார்த்தார். செதேன் அதை அவரைவிட நன்றாகச் செய்து காட்டினார். ஆகவே அந்த நாடகத்தின் வெற்றி தோல்வி திதெரோவுக்குச் சொந்த விஷயம் போல ஆகிவிட்டது.

முதல் நாள் நாடகம் தடுமாறியது. இரண்டாம் நாள் பெரும் வரவேற்பு. மறுநாள் காலை திதெரோ ஒரு வாடகைக் குதிரை வண்டியில் ஏறிக் கடும் குளிரில் செதேனைத் தேடிப் புறப்பட்டார். இருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் தேடி, கடைசியில் அவர் பாரிஸின் கிழக்கே சேந்த் அந்துவான் புறநகரின் கோடியில் இருப்பதாக அறிந்து அங்கே போனார். பார்த்தவுடன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். குரல் எழவில்லை, கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. செதேன் அசையாமல் நின்று அவரைப் பார்த்துச் சொன்னாராம்: "ஆ, திதெரோ அவர்களே, எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள்!"

உணர்ச்சிவசப்பட்டு நின்ற தம்மைத் திதெரோ சாதாரண மனிதர் என்கிறார். அந்தக் கண்ணீரைப் பார்த்து அதன் அழகைக் கவனித்த செதேனைத்தான் மேதை என்கிறார். இது போகிறபோக்கில் சொன்ன கருத்து அல்ல. 'நடிகனைப் பற்றிய முரண்' என்ற அவருடைய உரையாடல் நூலின் மையமே இதுதான். மேடையில் உண்மையாக அழுகிற நடிகன் ஒரு நாள் நன்றாக நடிப்பான், மறுநாள் சொதப்புவான். எதையும் உணராமல், கூர்ந்து கவனித்து, முன்கூட்டியே தீர்மானித்து நடிப்பவனே ஒவ்வொரு நாளும் நம்மை அழவைப்பான் என்பது அந்த நூலின் வாதம்.

இந்தக் கதையைத் திதெரோ ழாக் நெக்கேரின் வீட்டு விருந்தில் சொன்னார். நெக்கேர் ஜெனீவாவிலிருந்து வந்த வங்கியாளர், பிறகு பிரான்சின் நிதி நிர்வாகத்துக்கே தலைவரானவர். அவருடைய மனைவி சூசான் நெக்கேர் எழுத்தாளர்களை அழைத்து நடத்திய கூடல் பாரிஸில் புகழ்பெற்றது. அன்று மேசையைச் சுற்றி எழுத்தாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ழான் பிரான்சுவா மார்மோந்தெல், அவரும் நாடகம் எழுதுகிறவர். கதையைக் கேட்டு முடித்ததும் மார்மோந்தெல் சொன்னார்: "அப்படியானால், உருக்கமான ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் கலங்கிப்போகும் வால்டேரையும், கண்ணீர் விடும் நண்பரை எதிரே பார்த்தும் சலனமில்லாமல் நிற்கும் செதேனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், வால்டேர்தான் சாதாரண மனிதர், செதேன்தான் மேதை, இல்லையா!"

இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மார்மோந்தெல் எதிர்வாதம் எதுவும் சொல்லவில்லை. திதெரோவின் வாதத்தையே எடுத்து, இரண்டு பெயர்களை அதில் பொருத்தி, அது போய் முட்டும் இடத்தைக் காட்டினார். அன்றைய ஐரோப்பாவில் வால்டேரைவிடப் பெரிய பெயர் கிடையாது. வால்டேரைச் சாதாரணர் என்று சொல்ல அந்த மேசையில் யாருக்கும் துணிவில்லை. செதேனைத் தாழ்த்தினால் திதெரோ தம் கதையைத் தாமே மறுத்தவர் ஆவார். மேலும் வாக்கியம் முடியும் வரை அது எங்கே போகிறது என்று தெரியாது. கேலி கடைசிச் சொற்களில்தான் இருக்கிறது. அது வந்து விழும்போது மேசையில் சிரிப்பு எழுந்திருக்கும், பேச்சு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும்.

திதெரோ வாயடைத்துப் போனார். ஏன் என்பதற்கு அவர் எழுதிய விளக்கம்தான் இந்தத் தொடரின் வேர். என்னைப் போன்ற உணர்ச்சி மிகுந்த மனிதன், தனக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் முழுமையாக மூழ்கிப்போய், நிதானம் இழந்துவிடுகிறான். படிக்கட்டின் அடியில்தான் மறுபடி தன்னிலைக்கு வருகிறான் என்கிறார். 'எஸ்ப்ரி து லெஸ்காலியே' என்ற தொடரை அவர் அப்படியே எழுதவில்லை. அது பின்னால் புழக்கத்தில் வந்தது. அவர் எழுதியது படிக்கட்டின் அடியைப் பற்றி.

படிக்கட்டின் அடி என்பதற்கு அன்றைய பாரிஸ் வீடுகளில் ஒரு தெளிவான பொருள் இருந்தது. பல செல்வந்தர் மாளிகைகளில் விருந்தினரை வரவேற்கும் கூடங்கள் தரைத்தளத்தில் இருக்காது. ஒரு மாடி ஏறிப் போக வேண்டும். உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், அகன்ற படிக்கட்டு எல்லாம் அந்த முதல் மாடிக்காகத்தான். படியின் அடியை எட்டிவிட்டால் முற்றம், வண்டி, தெரு. அதாவது கூட்டத்தை விட்டு முழுமையாக நீங்கிவிட்டோம், திரும்பிப் போய்ப் பேச்சைத் தொடர வழியில்லை என்று அர்த்தம். அடுக்கு வீடுகளில் மேலே போகப் போக வாடகை குறையும். திதெரோ தம் வாழ்நாளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைத் தரான் தெருவில் ஒரு வீட்டின் நான்காம் மாடியில் கழித்தார். 1784-இல் உடல் தளர்ந்து அந்தப் படிகளை ஏற முடியாமல் போனபோது, ரஷ்யப் பேரரசி காதரின் அவருக்கு ரிஷெல்யூ தெருவில் வசதியான வீடு ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார். அங்கே குடியேறிய சில நாட்களில் ஜூலை 31 அன்று காலமானார்.

இப்போது அந்தப் பதிலுக்கு வருவோம். குளிர்ந்த தலையும் தன்னடக்கமும் உள்ள வேறொருவர் மார்மோந்தெலுக்கு இப்படிப் பதில் சொல்லியிருப்பார் என்று திதெரோ எழுதுகிறார். சுருக்கமாகத் தருகிறேன்.

"உங்கள் கருத்து வேறொருவர் வாயிலிருந்து வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்களும் செதேனைவிட அதிகமாக உணர்கிறவர் அல்லர். நீங்களும் நல்ல படைப்புகள் தருகிறீர்கள். அவர் ஓடும் அதே களத்தில் ஓடுகிறீர்கள். அவருடைய தகுதியை நடுநிலையோடு மதிப்பிடும் வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டிருக்கலாம். செதேனை வால்டேருக்கு மேலே வைக்கவும் வேண்டாம், கீழே வைக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணாம்பு குழைத்துக் கல் வெட்டாமல், வால்டேரையும் உங்களையும் என்னையும் போல ஹோமரையும் வெர்ஜிலையும் சிசரோவையும் படித்துச் சிந்தித்துக் கழித்திருந்தால், அந்தத் தலையிலிருந்து என்னென்ன வந்திருக்கும்? அவர் பார்ப்பதுபோல நம்மால் ஒருநாளும் பார்க்க முடியாது. நாம் சொல்வதுபோலச் சொல்ல அவர் கற்றுக்கொண்டிருப்பார்."

கடைசியில் ஒரு படிமம். செதேனை ஷேக்ஸ்பியரின் வழித்தோன்றல் என்கிறார் திதெரோ. ஷேக்ஸ்பியரை நுட்பமான கிரேக்கச் சிலைகளோடு ஒப்பிட மாட்டேன். நோத்ர் தாம் பேராலயத்தில் நிற்கும் புனித கிறிஸ்டோபரின் சிலையோடுதான் ஒப்பிடுவேன். உருவம் கூடிவராத, கரடுமுரடாகச் செதுக்கிய பூதம் அது, ஆனால் அதன் கால்களுக்கு நடுவே நாம் எல்லோரும் தலை முட்டாமல் நடந்து போய்விடலாம் என்று முடிக்கிறார். மூலத்தில் தலை எதில் முட்டாது என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதில் மேசையில் எடுபட்டிருக்குமா? என் கணிப்பில், எடுபட்டிருக்காது. முதலாவது, நீளம். மூலத்தில் இது ஒரு முழுப் பத்தி. விருந்து மேசையில் ஒருவரின் கேலிக்கு இத்தனை வாக்கியங்களில் பதில் சொல்லத் தொடங்கினால், இரண்டாவது வாக்கியத்துக்குள் யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள். இரண்டாவது, இன்னும் முக்கியமானது: இது மார்மோந்தெலின் கேள்விக்கே பதில் அல்ல. உருகுகிறவர் சாதாரணரா, உருகாதவர் மேதையா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. திதெரோவின் பதில் அதைத் தொடவே இல்லை. கண்ணீரை விட்டுவிட்டுக் கல்விக்குப் போய்விட்டது. படிக்க வசதி இருந்தவர்கள் இல்லாதவரை எந்தத் தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள் என்று கேட்கிறது. கத்தி செய்யும் கைவினைஞரின் மகனான திதெரோவின் மனதில் இந்தக் கேள்வி எப்போதும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மேசையில் அது கேட்கப்படவில்லை. மார்மோந்தெல் போட்ட கோட்டுக்குள் நின்று யோசிக்கும் வரை அது வெளிவரவும் வழியில்லை. அந்தக் கோட்டை விட்டு வெளியே நடந்த பிறகுதான் வந்தது.

திதெரோவின் சொற்களில் எனக்கு மிகவும் பயன்படுவது 'தனக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் முழுமையாக மூழ்கிப்போய்' என்ற பகுதி. அவர் மந்தமானவர் அல்லர். அவருடைய பேச்சைக் கேட்கவே மக்கள் கூடுவார்கள். ஆனால் மார்மோந்தெல் சொன்னதை அவர் உண்மையாகவே கேட்டார், அதில் நியாயம் இருக்கிறதா என்று யோசித்தார். அந்த வேலையே மனதை முழுதாக எடுத்துக்கொண்டது. உடனடியாகப் பதிலடி கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைக் கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 10 மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டது. மொழிக்கு மொழி சிறிய வேறுபாடு இருந்தாலும், சராசரியாக அது ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு. மறுபுறம், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மனிதருக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது என்பது பரிசோதனைகளில் பலமுறை கண்டது. ஒற்றைச் சொல்லுக்கே இவ்வளவு நேரம் என்றால், ஐந்தில் ஒரு நொடியில் முழுப் பதில் எப்படித் தொடங்குகிறது? எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயாரித்துவிடுகிறோம். ஊகம் சரியாக இருந்தால் பேச்சு தடையில்லாமல் ஓடும். கடைசிச் சொல்லில் திசை மாறும் ஒரு கேலி வந்தால், தயாரித்து வைத்தது பயனற்றுப் போகிறது. புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்குள் மேசையில் இடைவெளி நீண்டு, அந்த மௌனமே தோல்வி என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மார்மோந்தெலின் வாக்கியம் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது.

திதெரோவோடு ஒரு காலத்தில் நெருங்கிய நண்பராக இருந்து பிறகு பகையான ரூசோ, இதே குறையைத் தம்முடைய 'ஒப்புதல் வாக்குமூலங்கள்' நூலில் வேறு கோணத்தில் விவரிக்கிறார். தமக்கு உணர்ச்சி மின்னலைப் போல வருகிறது, எண்ணமோ குழம்பிக் குழம்பி மெதுவாக வருகிறது என்கிறார். ஸ்பானியர்கள் கடிதம் மூலம் சதுரங்கம் ஆடுவதாகச் சொல்வார்களே, அப்படி அஞ்சலில் உரையாடச் சொன்னால் தாம் மிக நன்றாக உரையாடுவேன் என்கிறார். பாரிஸில் ஒரு வணிகரிடம் பட்ட அவமானத்துக்கு ஊர் திரும்பும் வழியில்தான் பதில் தோன்றி, திரும்பி நின்று கத்திய ஒரு சவோய் பிரபுவின் கதையைப் படித்தபோது, 'இது நானேதான்' என்று சொல்லிக்கொண்டாராம். சில வாக்கியங்களைத் தாளில் எழுதும் முன் ஐந்தாறு இரவுகள் படுக்கையில் கிடந்து மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். திதெரோவின் படிக்கட்டு சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடியது. ரூசோவுக்கு அதே தொலைவு பல இரவுகளாக நீள்கிறது. இருவரும் அதை எழுத்தில்தான் கடந்தார்கள்.

இவர்கள் இருவருக்கும் முன்பே இந்தப் படிக்கட்டு பேச்சில் இருந்திருக்கிறது. 1695-இல் இறந்த பியேர் நிக்கோல் என்ற சமய அறிஞர் எழுத்தில் வலுவானவர், நேர் வாதத்தில் திணறுகிறவர். த்ரெவீல் என்ற சாதுரியமான பேச்சாளரைப் பற்றி அவர் சொன்னதாக வழங்கும் வார்த்தை இது: "அறைக்குள் அவர் என்னைத் தோற்கடித்துவிடுகிறார், ஆனால் அவர் படிக்கட்டின் அடியை எட்டியதும் நான் அவரை மடக்கிவிட்டேன்." இதில் படியிறங்கிப் போகிறவர் வென்றவர். தோற்றவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், பதிலும் அங்கேதான் பிறக்கிறது. ஆக, இறங்கி நடப்பதால்தான் பதில் தோன்றுகிறது என்று சிலர் சொல்லும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை. எதிராளி கண்முன்னிருந்து போய்விடுவதே போதும்.

மற்ற மொழிகளின் தொடர்களைப் பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வழக்கமாகிவிட்டது. பிரெஞ்சுத் தொடரை அப்படியே தம் மொழியில் வைத்துக்கொண்டவர்கள் ஒரு கூட்டம். ஜெர்மன் மொழியில் 'ட்ரெப்பன்விட்ஸ்' என்றும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் 'ட்ரெப்வெர்ட்டர்' என்றும் சொல்வார்கள். இரண்டிலும் படிக்கட்டு இருக்கிறது. இவை ஒரு வார்த்தைப் போரில் சொல்லாமல் விட்ட பதிலைக் குறிப்பவை.

மற்றது, காரியம் முடிந்த பிறகு வரும் புத்தியைப் பற்றிய கூட்டம். ரஷ்யர்கள் பின்புத்தியில் வலுவானவன் என்பார்கள். சீனர்கள், எல்லாம் முடிந்த பிறகு இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பவரை 'காரியம் முடிந்த பின் வந்த சூகே லியாங்' என்பார்கள். சூகே லியாங் வருமுன் உணரும் தந்திரத்துக்குப் பேர்போன பழைய அமைச்சர். ஜப்பானியர்களோ பின்னால் வரும் அறிவைக் கீழ்மக்களின் அறிவு என்றே பழமொழியாக்கி வைத்திருக்கிறார்கள். நம்முடைய 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' இந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அது எண்ணத்தைவிடச் செயலின் தாமதத்தைச் சொன்னாலும். இவை எதிலும் எதிராளி கிடையாது, விருந்து கிடையாது, அவமானம் கிடையாது. படிக்கட்டுத் தொடரில் ஒருவித அனுதாபம் இருக்கிறது. இவற்றில் கண்டனம் இருக்கிறது. பின்புத்திக்காரர் முன்பே யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. படியில் இறங்குகிறவருக்கு யோசிக்க நேரமே தரப்படவில்லை.

சபையில் வாயடைத்துப் போவதைப் பற்றித் தமிழில் பழமொழி தேடுவதைவிடத் திருக்குறளைப் பார்ப்பது நல்லது. அவையஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவர் 'ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' என்கிறார். மாற்றம் என்பது இங்கே பதில் வார்த்தை. 'அளவு' என்பதற்கு அளவை நூல், அதாவது தருக்கம் என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். எதிரி என்ன கேட்பான் என்று தெரியாது. ஆனால் வாதங்கள் எத்தனை வகையில் வரும் என்று முன்பே கற்றுவிடலாம். திதெரோ நடிகனைப் பற்றிச் சொன்னதும் இதற்கு நெருங்கியதுதான். மேடையில் நடிகன் ஒருபோதும் தாமதமாகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் அவனுடைய பதில் முன்பே எழுதப்பட்டு, மனப்பாடமாகி, குரலின் ஏற்ற இறக்கம்வரை தீர்மானமாகிவிட்டது. குளிர்ந்த தலையோடு மார்மோந்தெலுக்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய அந்த வேறொருவர் என்று திதெரோ கற்பனை செய்தவர், உண்மையில் மறுநாள் மேடைக்கு வரும் நடிகர்தான்.

திதெரோவுக்கு அந்த மறுநாள் வரவில்லை. இந்த விருந்துக் கதை வரும் 'நடிகனைப் பற்றிய முரண்' நூல் 1770-களில் எழுதித் திருத்தப்பட்டது. அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. அச்சில் வந்தது 1830-இல். அதற்குள் செதேன் 1797-இலும், மார்மோந்தெல் 1799-இலும், விருந்து கொடுத்த நெக்கேர் 1804-இலும் இறந்துவிட்டார்கள். புனித கிறிஸ்டோபரின் அந்தப் பூதச் சிலைகூட 1780-களில் இடித்து அகற்றப்பட்டுவிட்டது. பதில் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் அதைப் படிக்கவே இல்லை. ஆனால் இன்று அந்த விருந்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் திதெரோ எழுதியதுதான். அதில் மார்மோந்தெலுக்கு ஒரு வாக்கியமும் திதெரோவுக்கு ஒரு பத்தியும் கிடைத்திருக்கின்றன. மேசையில் தோற்றவர் தாளில் வென்றார். இதைத் திதெரோ மறைக்கவில்லை, அன்று நான் சொல்லவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இந்த நேர்மை எல்லோரிடமும் இருப்பதில்லை.

ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் வேறு பொருளுக்கு நகர்ந்த இடம் இங்கேதான். 1882-இல் ஹெர்ட்ஸ்லெட் என்பவர் 'உலக வரலாற்றின் ட்ரெப்பன்விட்ஸ்' என்று ஒரு நூல் வெளியிட்டார். மனு கொடுத்துவிட்டுப் படியிறங்கி வருகிறவரைப் போலவே, வரலாற்றுக்கும் பொருத்தமான சொல் எப்போதும் பிறகுதான் தோன்றுகிறது என்பது அவருடைய கருத்து. பெரிய மனிதர்கள் பெரிய தருணங்களில் சொன்னதாக நாம் படிக்கும் வாக்கியங்களில் பல, பின்னால் யாரோ எழுதிச் சேர்த்தவை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நூல் பரவப் பரவ, ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லை விதியின் விபரீத விளையாட்டு என்ற பொருளிலும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று ஜெர்மன் செய்தித்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான் இருக்கும். படியில் தோன்றிய பதில் என்று எடுத்துக்கொண்டால் வாக்கியம் புரியாது.

பின்னால் சேர்த்த வாக்கியத்தை எப்படி அடையாளம் காண்பது? சொன்னதாகக் கூறப்படும் நாளுக்கும் அது முதலில் அச்சான நாளுக்கும் உள்ள தூரத்தை முதலில் பார்க்க வேண்டும். பூமி சுற்றுவதை மறுக்கும்படி 1633-இல் திருச்சபை நீதிமன்றம் கலிலியோவைக் கட்டாயப்படுத்தியது. மறுத்துவிட்டு எழுந்தவர் 'ஆனாலும் அது சுற்றுகிறது' என்று முணுமுணுத்தாராம். விசாரணைப் பதிவுகளிலோ அவருடைய சீடர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலோ அது இல்லை. அச்சில் பிரபலமானது 1757-இல் லண்டனில் வெளியான ஒரு நூல் மூலம். அந்த அறையில் அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்தாலே போதும். அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் விரும்பியதை அவர் வாயில் வைத்திருக்கிறார்கள்.

தூரம் குறைவாக இருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது. 1815 ஜூனில் வாட்டர்லூ போர்க்களத்தில், சரணடையச் சொன்ன ஆங்கிலேயர்களிடம் நெப்போலியனின் தளபதி கம்ப்ரோன் 'காவற்படை சாகும், சரணடையாது' என்று முழங்கியதாகச் சில நாட்களிலேயே பாரிஸ் பத்திரிகையில் வந்துவிட்டது. இங்கே பார்க்க வேண்டியது வேறு: சொன்னவர் என்ன ஆனார்? கம்ப்ரோன் சாகவில்லை, காயத்தோடு சிறைபிடிக்கப்பட்டார். தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு மறுத்தார். அன்று களத்தில் இறந்த தளபதி மிஷெலின் மகன்கள், அதைச் சொன்னவர் தங்கள் தந்தை என்று உரிமை கோரினார்கள். ஒரே வாக்கியத்துக்கு ஒருவர் மறுப்பும் மற்றொரு குடும்பத்தின் உரிமைக் கோரிக்கையும் இருந்தால், அது களத்தில் பிறந்ததா பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததா என்று சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. கம்ப்ரோன் 1842-இல் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து நாந்த் நகரில் அவருக்குச் சிலை வைத்தபோது, அவர் மறுத்த அதே வாக்கியத்தைத்தான் பீடத்தில் பொறித்தார்கள்.